‘கேள்வி பதில்’ வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கிரியேட்டருக்குக் கடிதம்: இந்தக் கணக்கு நிற்குமா?

திரைக்குப்பின்

ஒரு யூடியூப் சேனலுக்கு மேனேஜராக இருக்கிறேன். பழைய இயந்திரங்களைப் பிரித்துக் காட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்குகிற சேனல். மாதம் இரண்டு ‘பிரித்துப் பார்ப்போம்’ வீடியோ, அதோடு வாரா வாரம் ஒரு ‘கேள்வி பதில்’. இரண்டாவதை நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். கிரியேட்டருக்கோ அது உயிர். நேரில் பேசினால் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது, அதனால் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். வரைவு இது:

“அண்ணா, கடைசி பத்து ‘பிரித்துப் பார்ப்போம்’ வீடியோக்களின் சராசரி 61,000 வியூஸ். கடைசி பத்து ‘கேள்வி பதில்’ சராசரி 6,200. பத்து மடங்கு வித்தியாசம். தோற்றுப்போன ஃபார்மட்டுக்கு வாரா வாரம் உழைக்கிறோம். இதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை மற்றதில் போட்டால் வியூஸ் தானாக ஏறும். சப்ஸ்கிரைபர்களுக்கே சலித்துவிட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது.”

எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்

முக்கியமானதை விட்டுவிட்டீர்களே ப்ரோ. வாரம் ஒரு வீடியோ விழுந்தால் அல்காரிதம் சேனலையே மட்டம் தட்டிவிடும். அடுத்து வருகிற நல்ல வீடியோவும் அதோடு சேர்ந்து விழும். இதை முதல் வரியிலேயே போடுங்கள், உடனே நிறுத்திவிடுவார்.

எண்ணும்_எழுத்தும்

அதைப் போட வேண்டாம். ஒரு வீடியோ சரியாகப் போகாவிட்டால் சேனலுக்கே தண்டனை என்பதை யூடியூப் தரப்பே பலமுறை மறுத்திருக்கிறது. அவர்கள் சொல்வது, பார்க்கிற ஆளுக்கு எது பிடிக்கும் என்று ஆள்வாரியாகத் தேடுகிறோம் என்பதுதான். ஒருவர் கண்ணில் உங்கள் தம்ப்நெயில் திரும்பத் திரும்பப் பட்டும் அவர் தொடவில்லை என்றால், அவருக்கு உங்கள் வீடியோ காட்டப்படுவது குறையலாம். அந்த மட்டில் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதை இந்தச் சேனலின் எண்களை வைத்து நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத ஒரு வரியைக் கிரியேட்டர் பிடித்துக்கொண்டால் மிச்சக் கடிதமும் போச்சு.

திரைக்குப்பின், வரைவுக்கு வருகிறேன். முதலில் அந்த 61,000. பத்து வீடியோக்களின் எண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏதோ ஒன்று மட்டும் வைரலாகியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது, எல்லாமே ஒரே வயதில் எடுத்த எண்களா? போன வாரம் வந்த வீடியோவையும் ஆறு மாதத்துக்கு முன் வந்ததையும் இன்றைய மொத்த வியூஸில் ஒப்பிட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் வெளியான நாளிலிருந்து 28 நாள் தேதி வைத்து எடுத்து, ஷீட்டில் போட்டு, சராசரிக்குப் பதில் மீடியன் பாருங்கள். யூடியூப் ஸ்டூடியோ மீடியனைத் தராது, நீங்கள்தான் போட வேண்டும்:

```
=MEDIAN(B2:B11)
```

பத்து எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற இரண்டின் சராசரி எதுவோ அதுதான் ‘வழக்கமான வீடியோ’. அப்புறம் இரண்டு ஃபார்மட்டுக்கும் தம்ப்நெயில் எத்தனை தடவை காட்டப்பட்டது என்கிற இம்ப்ரெஷன், அதில் எத்தனை சதவீதம் தொட்டார்கள் என்கிற சிடிஆர், புதிதாக வந்தவர்களின் பங்கு, ஒரு வீடியோவுக்கு எத்தனை மணி நேர வேலை, இவற்றையும் கொண்டுவாருங்கள்.

படக்கூடம்

தயவுசெய்து நீக்காதீர்கள்! நான் இப்படித்தான் சேனல் சுத்தமாக இருக்கட்டும் என்று சரியாகப் போகாத பழைய வீடியோக்களையெல்லாம் பிரைவேட்டில் போட்டேன். விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்க 365 நாளில் 4,000 மணி நேரம் வேண்டுமே, அதில் பொதுவில் இருக்கிற வீடியோக்களின் நேரம் மட்டும்தான் சேரும். கிட்டத்தட்ட தொட்டுவிட்டிருந்தேன். மறைத்ததும் அந்த நேரமெல்லாம் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது.

திரைக்குப்பின்

படக்கூடம், பழையதை யாரும் தொடப்போவதில்லை. புதிதாக எடுப்பதை மட்டும்தான் நிறுத்துகிறோம். ஆனாலும் சொன்னது நல்லது, ‘நிறுத்துவது’ என்றால் பழையதும் போய்விடுமோ என்று அவரும் நினைக்கக்கூடும். கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

எண்ணும், நீங்கள் சந்தேகப்பட்டது சரி. பத்தில் ஒன்று மட்டும் 4,40,000 போயிருக்கிறது. 28 நாள் வைத்து, மீடியன் எடுத்தால் ‘பிரித்துப் பார்ப்போம்’ 19,000, ‘கேள்வி பதில்’ 6,200. பத்து மடங்கு மூன்று மடங்காகிவிட்டது.

அதைவிடப் பெரிய தலைவலி சிடிஆர். ‘கேள்வி பதில்’ 5.8%. ‘பிரித்துப் பார்ப்போம்’ 4.9%. சராசரியாகப் பார்க்கப்படுகிற சதவீதமும் அப்படியே, 46-க்கு 38. இதை அவர் பார்த்தால் “நீ நிறுத்தச் சொல்வதுதான் நன்றாகப் போகிறது” என்பார். சத்தமில்லாமல் விட்டுவிடலாமா?

எண்ணும்_எழுத்தும்

விடவே கூடாது. ஸ்டூடியோ அவர் போனிலும்தான் இருக்கிறது. நீங்கள் மறைத்ததை அவர் கண்டுபிடித்தால் அதன்பின் நீங்கள் காட்டுகிற எந்த எண்ணையும் நம்ப மாட்டார். அந்த இரண்டு எண்களையும் நீங்களே முதலில் எடுத்துப் போட்டு, ஏன் அப்படி என்று விளக்குங்கள்.

இம்ப்ரெஷன் எத்தனை என்று சொல்லவில்லையே?

திரைக்குப்பின்

ஒரு ‘கேள்வி பதில்’ வீடியோவுக்கு 70,000 வாக்கில். ‘பிரித்துப் பார்ப்போம்’ 2,60,000.

எண்ணும்_எழுத்தும்

அதிலேயே விடை இருக்கிறது. 70,000 தடவை காட்டியது யாருக்கு? `Traffic source` பார்த்தால் தெரியும். பெரும்பாலும் ஏற்கெனவே சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே தொடுவார்கள். அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றினால் சிடிஆர் நன்றாகத்தான் இருக்கும். மற்றதை 2,60,000 தடவை காட்டியபோது உங்களை யாரென்றே தெரியாதவர்கள் முன்னாலும் வைத்திருக்கிறது. அவர்களில் குறைவானவர்கள்தான் தொடுவார்கள், அதனால் சதவீதம் இறங்குகிறது. எந்த வீடியோவுக்கும் முதல் நாள் சிடிஆர் உயரமாக இருந்து, ஆட்கள் பரவப் பரவ இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான்.

இன்னொன்று. 70,000-ல் 5.8% என்றால் சுமார் 4,000 வியூஸ். மிச்சம் 2,200 எங்கிருந்து வந்தது? நோட்டிஃபிகேஷனைத் தட்டி வருகிறவர்கள், வெளித்தளங்களிலிருந்து வருகிறவர்கள், வீடியோ முடிவில் வருகிற கார்டைத் தொடுகிறவர்கள் இம்ப்ரெஷன் கணக்கில் வரவே மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி வருகிறது. அதில் நோட்டிஃபிகேஷன் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பங்கு அதுதான் என்றால், மணி அடித்துக் கூப்பிட்டு வருகிற கூட்டம் அது.

சதவீதமும் இப்படித்தான். வீடியோ நீளம் எவ்வளவு?

திரைக்குப்பின்

‘கேள்வி பதில்’ 12 நிமிடம், மற்றது 18.

எண்ணும்_எழுத்தும்

12-ல் 46% என்றால் ஐந்தரை நிமிடம். 18-ல் 38% என்றால் ஏறக்குறைய ஏழு நிமிடம். சின்ன வீடியோவில் சதவீதம் எப்போதும் அழகாகத் தெரியும். நீளம் வேறாக இருந்தால் நிமிடத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

மைக்_ஆன்

நான் அந்தப் பக்கத்து ஆள், கிரியேட்டர். இப்படி ஒரு கடிதம் எனக்கும் வந்திருக்கிறது, பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட்டோடு. எண்களெல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ‘தோல்வி’ என்ற வார்த்தையைத் தாண்டி நான் எதையும் படிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

உங்கள் வரைவில் “சப்ஸ்கிரைபர்களுக்கே சலித்துவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த எண் அதைச் சொல்கிறது? குறைவாகப் பார்க்கிறார்கள் என்பது எண். சலித்துவிட்டது என்பது உங்கள் ஊகம். அவர் கமெண்டைத் திறந்து “இதோ பார், இருநூறு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்” என்பார். நாங்கள் வியூஸைவிடக் கமெண்டைத்தான் அதிகம் படிப்போம். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

திரைக்குப்பின்

இந்தக் கேள்விக்காகவே கடைசி வீடியோவின் கமெண்டுகளை உட்கார்ந்து எண்ணினேன். 210 இருந்தன. அதில் 60-க்கு மேல் அதே இருபது பேர் எழுதியது, ஒவ்வொரு வாரமும் வருகிற பெயர்கள். அவர்கள் அருமையான ஆட்கள், இரண்டு பேர் உதிரி பாகங்கள்கூட அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அது ஒரு சின்ன வட்டம்தான்.

இன்னொன்றும் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதே ‘கேள்வி பதில்’ 28 நாளில் 11,000 போயிருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன் 8,500. இப்போது 6,200. இதே காலத்தில் சப்ஸ்கிரைபர் இரண்டு மடங்காகிவிட்டார்கள்.

எண்ணும்_எழுத்தும்

இதுதான் கடிதத்தின் நடுத்தூண். இன்னொரு வீடியோவோடு ஒப்பிட்டால் “அது வேறு, இது வேறு” என்று தள்ளிவிடலாம். தன்னோடு தன்னையே ஒப்பிட்டு, அதுவும் வீடு பெரிதாகிக்கொண்டிருக்கும்போது இந்த அறைக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள் என்று காட்டினால் தள்ளுவது கஷ்டம். மைக்_ஆன் சொன்னதுபோல் ‘சலிப்பு’ என்று பெயர் வைக்காதீர்கள். சரிவை மட்டும் காட்டுங்கள், காரணத்தை அவர் சொல்லட்டும்.

வேலை நேரம் இன்னும் வரவில்லை.

திரைக்குப்பின்

‘கேள்வி பதில்’ ஒன்றுக்கு 14 மணி நேரம். கேள்வி பொறுக்குவது, படம் வரைவது, எடிட் எல்லாம் சேர்த்து. ‘பிரித்துப் பார்ப்போம்’ 34.

எண்ணும்_எழுத்தும்

சரி, “வியூஸ் தானாக ஏறும்” என்ற உங்கள் வரியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நடப்பது 4 ‘பிரித்துப் பார்ப்போம்’, 8 ‘கேள்வி பதில்’. மீடியன் வைத்து, 76,000 கூட்டல் 49,600, மொத்தம் 1,25,600. நிறுத்தினால் மிச்சமாவது 112 மணி நேரம். 34-ஆல் வகுத்தால் மூன்று வீடியோ, கொஞ்சம் மீதி. ஆக 7 ‘பிரித்துப் பார்ப்போம்’, 1,33,000. லாபம் ஆறு சதவீதம். கூடுதலாக எடுக்கிற மூன்றில் ஒன்று சரியாகப் போகாவிட்டால் அதுவும் இல்லை. மூன்றுக்குப் பதில் இரண்டுதான் எடுக்க முடிந்தது என்றால் 1,14,000, நஷ்டம்.

அதனால் வியூஸ் ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் உங்கள் கடிதத்தை நம்பி நிறுத்தி, எட்டு வாரம் கழித்து வியூஸ் அப்படியே நின்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சும்மா_வந்தேன்

அப்போ எதுக்கு ப்ரோ நிறுத்தணும்? கணக்கே சமமா வருதே. இழை முடிஞ்சுது.

எண்ணும்_எழுத்தும்

வியூஸில் சமம். யார் பார்க்கிறார்கள் என்பதில் சமமில்லை. திரைக்குப்பின், `New and returning viewers` எண் இருக்கிறதா? ஒரு வீடியோவுக்கு எத்தனை சப்ஸ்கிரைபர் வந்தார்கள் என்பதும்?

திரைக்குப்பின்

‘கேள்வி பதில்’ பார்ப்பவர்களில் 100-க்கு 8 பேர் புதியவர்கள். மற்றதில் 54. சப்ஸ்கிரைபர் 11, மற்றதில் 160.

எண்ணும்_எழுத்தும்

எட்டு வாரத்துக்கு இப்போது சுமார் 730 பேர் சேர்கிறார்கள். நிறுத்தினால் 1,100 வாக்கில். இங்கேதான் உங்களுக்கு வாதம் இருக்கிறது. ‘கேள்வி பதில்’ என்பது ஏற்கெனவே இருப்பவர்களை உட்கார வைக்கிற வேலை. அந்த வேலைக்கு வாரம் 14 மணி நேரம் தகுமா என்று கேளுங்கள். “கெட்ட வீடியோ” என்று சொல்லத் தேவையே இல்லை.

பழைய_ரீல்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 112 மணி நேரத்தை அப்படியே 34-ஆல் வகுக்கிறீர்களே, அங்கே எனக்கு இடிக்கிறது. பிரிப்பதற்கு இயந்திரம் கிடைக்க வேண்டும், அதைப் பற்றிப் படிக்க வேண்டும். மாதம் இரண்டு எடுக்கிறவர் மூன்றரை எடுத்தால் சுவாரசியமான இயந்திரங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதோடு, எந்த இயந்திரத்தைப் பிரிக்கலாம் என்ற யோசனையே அந்தக் கேள்விகளிலிருந்து வந்திருக்கலாம். அந்த ஊற்றை அடைத்தால் என்ன ஆகும் என்று எந்த டாஷ்போர்டும் காட்டாது.

மைக்_ஆன்

பழைய_ரீல் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். என் விஷயத்தில் அதுதான் நடந்தது. நிறுத்திய பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

திரைக்குப்பின்

கேள்வி வாங்குவதை நிறுத்த வேண்டாம், தனி வீடியோவாக எடுப்பதை மட்டும் நிறுத்தலாம் என்று மாற்றிவிட்டேன். திருத்தியது இது:

“அண்ணா,

‘கேள்வி பதில்’ வீடியோவை எட்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பழைய வீடியோக்கள் எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

முதலில் உங்களுக்குச் சாதகமான எண்கள். சிடிஆரில் ‘கேள்வி பதில்’தான் மேலே, 5.8-க்கு 4.9. பார்க்கிற சதவீதத்திலும் அதுதான் மேலே. ஆனால் அது 70,000 தடவைதான் காட்டப்படுகிறது, பெரும்பாலும் நம்மை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. மற்றது 2,60,000 தடவை, தெரியாதவர்களுக்கும் சேர்த்து. நிமிடத்தில் பார்த்தால் மற்றதைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

என்னை யோசிக்க வைத்தது ஒரே ஒரு விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் 28 நாளில் 11,000 பேர் வந்த இடத்துக்கு இப்போது 6,200 வருகிறது. சேனல் இரண்டு மடங்காகியிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

நிறுத்தினால் மொத்த வியூஸ் ஏறும் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டதில் சுமார் ஒன்பது சதவீதம் இறங்கும் என்றுதான் வருகிறது. மாறப்போவது, புதிதாக வருகிறவர்கள். ‘கேள்வி பதில்’ பார்க்கும் நூறு பேரில் எட்டுப் பேர்தான் புதியவர்கள், மற்றதில் பாதிக்கு மேல்.

கேள்விகள் நிற்க வேண்டாம். கம்யூனிட்டி போஸ்டில் வாங்குவோம். பிரிக்கிற இயந்திரத்தோடு தொடர்புள்ள ஒன்றை அந்த வீடியோவின் உள்ளேயே, கேட்டவர் பெயரோடு எடுத்துக்கொள்வோம். இதனால் மாதம் இரண்டாக இருப்பது மூன்றாகும், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போதே ஒன்றை எழுதி வைத்துக்கொள்வோம். கூடுதல் வீடியோக்களின் மீடியன் 15,000-க்குக் கீழே போனாலோ, திரும்பி வருகிறவர்கள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, ‘கேள்வி பதில்’ மாதம் ஒன்றாகத் திரும்ப வரும். அப்போது நான் மறுபடி வாதாட மாட்டேன்.”

எண்ணும்_எழுத்தும்

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம். “11,000 பேர்” இல்லை, 11,000 வியூஸ். ஒரே ஆள் இரண்டு தடவை பார்த்திருக்கலாம். இன்னொன்று, எட்டாவது வாரம் வெளியாகிற வீடியோவுக்கு எட்டாவது வாரக் கடைசியில் 28 நாள் முடிந்திருக்காது. எட்டு வாரம் எடுங்கள், பன்னிரண்டாவது வாரம் பாருங்கள். தேதியைக் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாருக்கு எது சாதகமோ அன்றைக்கு எண்ணுவீர்கள்.

பழைய_ரீல்

மாதம் மூன்று என்றால் எட்டு வாரத்தில் ஆறுதான். அதில் ‘கூடுதல்’ இரண்டு. இரண்டு வீடியோவுக்கு என்ன மீடியன்? ஒன்று தற்செயலாக ஓடிவிட்டால் அதுவே தீர்ப்பாகிவிடும். ஆறையும் சேர்த்து எண்ணுங்கள். ஆறுகூடப் போதாது என்பது என் கட்சி.

எண்ணும்_எழுத்தும்

ஆறையும் சேர்ப்பது சரி. போதாது என்பதும் சரிதான், ஆனால் ஒரு வருடம் நிறுத்திப் பார்க்கலாம் என்றால் எந்தக் கிரியேட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். திரும்பி வருகிறவர்களின் எண் ஆட்டம் குறைவானது, முடிவை அதில் கொஞ்சம் அதிகம் சாய்த்து எடுக்கலாம்.

சும்மா_வந்தேன்

கடைசியா ஒரு விடைபெறும் வீடியோ போடச் சொல்லுங்க. அதுக்கு வியூஸ் பிச்சிக்கும்.

மைக்_ஆன்

வேண்டவே வேண்டாம். எட்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் என்ன முகத்தோடு வருவது? கம்யூனிட்டி போஸ்டில் நாலு வரி போதும்.

திரைக்குப்பின்

திருத்தங்களோடு அனுப்பிவிட்டேன். பதில் வந்தது. எட்டு வாரத்துக்குச் சம்மதம், பன்னிரண்டாவது வாரத் தேதிக்கும் சம்மதம். 15,000 என்ற கோட்டை மட்டும் ஏற்க மறுக்கிறார். இப்போது 19,000 போகிறதென்றால் ஏன் 15,000 போதும் என்கிறாய், நாலாயிரத்தை எதற்கு விட்டுக்கொடுக்கிறாய் என்று கேட்கிறார். சரிவுக்கும் அவரே ஒரு காரணம் சொன்னார்: ஒரு வருடத்துக்கு மேலாகக் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன, பதில் சொல்லும்போது தனக்கே தெரிகிறது என்று.

15,000-க்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாதம் மூன்று எடுக்கும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று தோராயமாக வைத்த எண் அது.

எண்ணும்_எழுத்தும்

அதை அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் ஷீட்டில் பழைய பத்தையும் வரிசைப்படுத்தி, கீழிருந்து மூன்றாவது எது என்று பாருங்கள். புதிய ஆறின் மீடியன் அதற்கும் கீழே போனால் ஏதோ இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த எண்ணை அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.